அன்று கண்ணுக்கு, இன்று கணினிக்கும்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் திருவல்லிக்கேணியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். மேன்ஷன்களில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள்தான் எங்கள் கடைக்குச் சோறு போட்டவர்கள். பேப்பரில் வேலை விளம்பரம் நிறைய வரும் நாளில், சாயங்காலம் கடை வாசலில் செருப்பு விட இடமிருக்காது. கையால் எழுதிய பயோடேட்டாவை நீட்டி, "அண்ணே, எடுப்பா தெரியுற மாதிரி ஒரு எழுத்துல போட்டுக் குடுங்க" என்பார்கள். எடுப்பு என்றால் என்ன என்று முடிவு செய்ய வேண்டியது நான்.

அவர்களுடைய அப்பாக்களுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் ரெமிங்டனிலோ ஹால்டாவிலோ என்ன எழுத்து பொருத்தியிருந்ததோ, அதுதான் விண்ணப்பத்தின் எழுத்து. அங்குலத்துக்கு 10 எழுத்து விழுந்தால் பைக்கா, 12 விழுந்தால் எலைட். தேர்வு அதோடு முடிந்தது. தட்டச்சில் பிழை இல்லாமல், ஓரம் சரியாக விட்டிருந்தால் நல்ல விண்ணப்பம். எங்கள் காலத்தில்தான் பேஜ்மேக்கரின் ஃபாண்ட் பட்டியல் வந்து சேர்ந்தது. மேலே கொட்டை எழுத்தில் RESUME என்ற தலைப்பு அல்ஜீரியனில், பெயர் மோனோடைப் கார்சிவாவில், மற்றதெல்லாம் டைம்ஸ் நியூ ரோமனில். இதுதான் அன்றைக்கு நடப்பில் இருந்த அலங்காரம். லேசரில் எடுத்து, பாண்டு பேப்பரில் கொடுத்தால் பையன் முகத்தில் வேலையே கிடைத்துவிட்ட மாதிரி ஒரு தெளிவு வரும்.

டைம்ஸ் நியூ ரோமனை முதலாளி விடாமல் பிடித்துக்கொண்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டன்ட் வரைந்த எழுத்து அது. 1932 அக்டோபர் 3ஆம் தேதி அந்தப் பத்திரிகை முதன்முதலாக அதில் அச்சாகி வந்தது. குறுகலான பத்திகளில் அதிகச் சொற்களை அடக்குவதற்காகவே உருவானதால், எழுத்துகள் ஒடுங்கி நிற்கும். பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரைக்கும், அதோடு தட்டச்சு ஹையர், தந்தை பெயர், தெரிந்த மொழிகள், கீழே உறுதிமொழி என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொண்டுவர அது உதவியது. அதே விஷயத்தை ஏரியலில் போட்டால் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடும்.

அந்தக் காலத்திலும் பயோடேட்டா ஒரு இயந்திரத்தைத் தாண்டியாக வேண்டியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது ஃபேக்ஸ். பல கம்பெனிகள் விளம்பரத்தில் ஃபேக்ஸ் எண் கொடுக்கும். சாதாரண ஃபேக்ஸ், மேலிருந்து கீழே அங்குலத்துக்கு ஏறக்குறைய 98 கோடுகளாகத்தான் பக்கத்தைப் படிக்கும். கேரமாண்ட் மாதிரி மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்தில் இருந்தால், அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது e எல்லாம் c ஆகியிருக்கும். ஃபேக்ஸுக்கு என்று யாராவது சொன்னால் ஏரியல் 12இல் போட்டு, கார்சிவாவை எடுத்துவிட்டு, "ஃபைன் மோடில் அனுப்பச் சொல்லு தம்பி" என்று சொல்லி அனுப்புவோம். தாண்ட வேண்டிய இயந்திரம் எதுவோ, அதைப் பார்த்துத்தான் எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

இன்றைக்கு நான் இருப்பது மேஜைக்கு அந்தப் பக்கம். ஆள்சேர்ப்புப் பிரிவில், வந்து குவியும் ரெஸ்யூமேக்களைப் பார்க்கும் வேலை. எல்லாம் ஏ.டி.எஸ். என்று நாங்கள் சொல்லும் மென்பொருள் வழியாகத்தான் வருகின்றன. அதைப் பற்றி வெளியே உலவும் பயம் நிறைய. "டைம்ஸ் நியூ ரோமனில் போட்டால் தூக்கி எறிந்துவிடும்", "கலிப்ரி என்றால் மார்க் கூடும்" என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த மென்பொருளுக்கு ஃபாண்டின் அழகு தெரியாது. ஃபாண்டுக்கு அது மதிப்பெண் போடுவதும் இல்லை. ஃபைலைத் திறந்து உள்ளே இருக்கும் எழுத்துகளை மட்டும் உருவி எடுக்கும். உருவியதில் பெயர் எது, போன் எது, மின்னஞ்சல் எது, எங்கே எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று பிரித்துக் கட்டங்களில் நிரப்பும். பிறகு என்னைப் போன்ற ஒருவர் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டுவார். அந்தச் சொல் யாருடைய எழுத்தில் இருக்கிறதோ அவர்கள் மேலே வருவார்கள். ஃபாண்டின் தோற்றம் முதல் படியிலேயே கழன்றுவிடும். ஆனால் அந்த முதல் படியில் எழுத்து முழுசாக வெளியே வருமா என்பதை முடிவு செய்வதும் பெரும்பாலும் ஃபாண்டுதான். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

தமிழில் டி.டி.பி. செய்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்று அடிக்க `jkpo;` என்ற விசைகளைத் தட்டுவோம். திரையில் தமிழ் என்று தெரியும். அச்சில் தமிழ் என்றுதான் வரும். ஆனால் ஃபைலுக்குள் இருப்பது j, k, p, o, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியில் அதே ஃபைலைத் திறந்தால், கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கிலக் குப்பையாக நிற்கும். கண்ணுக்குத் தெரியும் வடிவம் வேறு, அடியில் இருக்கும் குறியீட்டு எண் வேறு. யூனிகோடு வந்த பிறகு தமிழில் அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது. அதே தொல்லை இப்போது ஆங்கில ரெஸ்யூமேயில், பி.டி.எஃப். வழியாகத் திரும்ப வந்திருக்கிறது.

பி.டி.எஃப். என்பது முதன்மையாக வடிவங்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஏற்பாடு. 'இந்த ஃபாண்டின் 37ஆம் வடிவத்தை இங்கே வை' என்கிற தோரணையில்தான் அதற்குள் கட்டளைகள் இருக்கும். அந்த 37ஆம் வடிவம் a என்ற எழுத்தா, t என்ற எழுத்தா என்று சொல்ல, ஃபைலுக்குள் தனியாக ஒரு பட்டியல் வேண்டும். அதன் பெயர் `ToUnicode`. அந்தப் பட்டியல் சரியாக இருந்தால், நீங்கள் பார்ப்பதையே மென்பொருளும் படிக்கும். இல்லாவிட்டாலும் பிரிண்ட் எடுத்தால் பிரமாதமாக இருக்கும். திரையில் குறையே தெரியாது. எழுத்தை உருவும்போது மட்டும் வேறு ஏதோ வரும், அல்லது ஒன்றுமே வராது. விண்ணப்பித்தவருக்கு இது தெரிய வழியே இல்லை. அவர் கண்ணால்தானே பார்க்கிறார்?

அண்மையில் கண்ட ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். மின்னணுவியல் படித்த ஒரு பெண், மென்பொருள் சோதனை வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். எங்கள் ஊழியர் ஒருவர் அவரைப் பரிந்துரைத்திருந்தார். "நல்ல பொண்ணு சார், ஆட்டோமேஷன் டெஸ்டிங் நல்லா தெரியும்" என்றார். தேடல் பெட்டியில் `automation testing` என்று போட்டால் அந்தப் பெண் வரவில்லை. பெயரைப் போட்டாலும் வரவில்லை. கடைசியில் விண்ணப்ப எண்ணை வைத்துத் தேடினால், ஆள் இருக்கிறார். பெயர் என்ற கட்டத்தில் `E D U C A T I O N` என்று இருக்கிறது. போன் எண் கட்டம் காலி.

ஃபைலைத் திறந்தால் அழகான ரெஸ்யூமே. பெயர், கையெழுத்து மாதிரி சுழித்து எழுதிய ஓர் இலவச ஃபாண்டில். கீழே போன் படம், கடித உறை படம், பக்கத்தில் எண்ணும் மின்னஞ்சலும். தலைப்புகள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு விசாலமாக. உடல் முழுக்கக் கலிப்ரி 11. யாரோ அச்சுத் தொழில் தெரிந்தவர் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருக்கிறார் என்று பார்த்த உடனே தெரிந்தது. எனக்கு அந்தக் கைவேலையின் மேல் மரியாதை உண்டு. `Ctrl+A`, `Ctrl+C` தட்டி, அப்படியே நோட்பேடில் ஒட்டினேன். வந்தது இது:

```
 9xxxx xxxxx
E D U C A T I O N
AutomaƟon TesƟng
CerƟfied, wriƩen test cases
```

பெயர் இருந்த வரியே இல்லை. கையெழுத்து ஃபாண்டுக்குப் பட்டியல் இல்லாததால், அந்த வடிவங்கள் என்ன எழுத்து என்று சொல்ல ஃபைலில் ஒன்றும் இல்லை. பெயர் கிடைக்காத மென்பொருள், மேலே தென்பட்ட முதல் முழு வரியைப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. எண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்தக் கட்டம் போன் படத்தின் மிச்சம். விங்டிங்ஸ் ஃபாண்டில் அடைப்புக்குறி விசையைத் தட்டினால் போன் வரும் என்பது எங்கள் காலத்துப் பழைய கைவித்தை. அந்த ஃபாண்டில் அந்தப் படம் யூனிகோடின் பொதுவான எண்ணில் இல்லாமல், தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய பகுதியில் போய் உட்காரும். எண்ணோடு அது ஒட்டிக்கொண்டால், சில மென்பொருள்கள் அதைப் போன் எண்ணாக அடையாளம் காண்பதில்லை.

மூன்றாவது வரிதான் எனக்கு மனசு கேட்காத இடம். கலிப்ரியில் t-யும் i-யும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் இணைத்து ஒரே வடிவமாக வரைய ஏற்பாடு உண்டு. லிகேச்சர் என்பார்கள். tt-க்கும் அப்படி ஒன்று, fi-க்கும் ஒன்று. நல்ல அச்சுக்கு அது அடையாளம். ஈய எழுத்துக் காலத்திலிருந்து வரும் நயம். ஆனால் ti-யின் இணைந்த வடிவத்துக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது. பி.டி.எஃப். உருவாக்கும் மென்பொருள், 'இந்த ஒரு வடிவம் t, i என்ற இரண்டு எழுத்து' என்று பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். அச்சுக்கு அனுப்பும் வழியாக பி.டி.எஃப். எடுத்தால் பல நேரம் அந்தத் தகவல் வழியில் உதிர்ந்துபோய், ஏதோ ஒரு தொடர்பற்ற எண் அங்கே வந்து உட்காரும். ti இருந்த இடத்தில் `Ɵ`, tt இருந்த இடத்தில் `Ʃ`. கலிப்ரி ரெஸ்யூமேக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். automation, testing, certification, communication, written, committee என்று வேலைக்கான முக்கியச் சொற்களில் பாதி இந்த எழுத்துகளை வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பெண் ஆட்டோமேஷன் என்ற சொல்லை அத்தனை இடத்தில் எழுதியும், தேடுபவர் கண்ணில் அது ஒரு தடவைகூடப் படவில்லை.

கணினியில் கொஞ்சம் கை பழகியவர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம். `poppler` என்ற இலவசக் கருவித் தொகுப்பில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன:

```
pdffonts resume.pdf
pdftotext resume.pdf out.txt
```

முதலாவது, ஃபைலில் உள்ள ஃபாண்டுகளைப் பட்டியலிடும். அதில் `uni` என்ற பத்தியில் `no` என்று இருந்தால், அந்த ஃபாண்டுக்குப் பட்டியல் இல்லை என்று பொருள். அந்தப் பெண்ணின் கையெழுத்து ஃபாண்டுக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் கலிப்ரிக்கு `yes` என்றே காட்டியது. பட்டியல் இருக்கிறது, அதில் எழுதியிருப்பதுதான் தப்பு. ஆகவே `yes` என்பதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. இரண்டாவது கட்டளை தரும் எழுத்தைக் கண்ணால் வாசித்தால்தான் உறுதி. கட்டளை எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு நோட்பேடே போதும்.

ஊழியர் மூலமாகத் திருத்தம் சொல்லி அனுப்பினேன். பெயரையும் உடலையும் ஒரே ஃபாண்டில், ஏரியலில் போடச் சொன்னேன். பெயர் 16 புள்ளியில் தடித்த எழுத்து, மற்றவை 10.5. வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Ctrl+D` தட்டி, `Advanced` பக்கத்தில் `Ligatures` என்பதை `None` என்று வைக்க வேண்டும். படங்களை நீக்கிவிட்டு Phone, Email என்று எழுத்தாலேயே எழுத வேண்டும். தலைப்பின் எழுத்துகளுக்கு நடுவே தட்டிய வெற்றிடங்களையும் எடுத்துவிட வேண்டும். விசாலம் வேண்டுமென்றால் அதே `Advanced` பக்கத்தில் `Spacing` என்பதை `Expanded` ஆக்கி 1 புள்ளி கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால், சில மென்பொருள்கள் அந்த இடைவெளியையே சொல் பிரிவு என்று நினைத்து மறுபடி உடைத்துவிடும். கடைசியாக, பிரிண்ட் வழியாக எடுக்காமல் `Save As` போய் பி.டி.எஃப். ஆகச் சேமிக்க வேண்டும். அடுத்து வந்த ஃபைலை நோட்பேடில் ஒட்டியபோது முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. `automation` ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் வந்தது. அடுத்த சுற்றுத் தேடலில் பட்டியலில் மேலே நின்றார். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் நேர்முகத்தில் தீரும் விஷயம். அதுவரைக்கும் போவதற்கு அவரது பெயரே தடையாக இருந்திருக்கக் கூடாது அல்லவா?

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது, அந்த ரெஸ்யூமேயில் இருந்த ஒவ்வொரு தப்பும் எங்கள் கடையில் நாங்கள் செய்த நல்ல வேலை என்பதுதான். லிகேச்சர் வைப்பது நயம். தலைப்பை விசாலமாக்குவது நயம். விங்டிங்ஸ் போன் படம் போட்டால் வாடிக்கையாளர் மகிழ்வார். எல்லாவற்றுக்கும் மேலாக கோரல்டிராவில் `Ctrl+Q`. ஃபைலை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்தையெல்லாம் தேர்ந்தெடுத்து அந்த விசையைத் தட்டி, வளைகோடாக மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது தொழில் ஒழுக்கம். அச்சகத்தில் அந்த ஃபாண்டு இல்லாமல் போனாலும் வடிவம் சிதையாது. மறந்துவிட்டுக் கொடுத்தவன் கஷ்டப்படுவான். இன்றைக்கு ஒருவர் ரெஸ்யூமேயை அப்படி வளைகோடாக்கி அனுப்பினால், அதில் ஓர் எழுத்துகூட எழுத்தாக இருக்காது. முழுப் பக்கமும் கோட்டோவியம். அச்சுத் தொழில் தெரிந்த அண்ணன்மார்கள் அன்போடு செய்து கொடுக்கும் ரெஸ்யூமேக்களில் இது இன்னும் வருகிறது. படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் வசதி சில நிறுவனங்களின் மென்பொருளில் இருக்கலாம். அதை நம்பி அனுப்புவது சரியில்லை.

வேர்டிலேயே இதற்குச் சமமான பொறி ஒன்று உண்டு. பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும்போது `Options` என்பதைத் திறந்தால் `Bitmap text when fonts may not be embedded` என்று ஒரு வரி தெரியும். சில ஃபாண்டுகளை ஃபைலுக்குள் பதிக்க உரிமம் அனுமதிக்காது. அப்படிப்பட்ட ஃபாண்டில் இருக்கும் எழுத்தைப் படமாக மாற்றிவிடு என்பது அதன் பொருள். எங்கோ இறக்கிய ஃபாண்டில் பெயரைப் போட்டால் இப்படி ஆகக்கூடும். கணினியோடு வந்த ஃபாண்டுகளை வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

சரி, எதைத்தான் வைப்பது? ஏரியல், கலிப்ரி, டைம்ஸ் நியூ ரோமன், ஜார்ஜியா, வெர்டானா, டஹோமா, கேம்ப்ரியா. இவற்றில் எதை எடுத்தாலும் மென்பொருளுக்குச் சம்மதம், மேலே சொன்ன சோதனையில் தேறினால் போதும். இவற்றுக்குள் தேர்வது மனிதக் கண்ணுக்காக. எங்கள் தேர்வாளர்கள் கடைசியில் ஃபைலையும் திறந்துதான் பார்க்கிறார்கள். அவர்களுக்காகப் பார்க்க வேண்டியவை தனி.

தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் ஏரியலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதில் பெரிய I-யும் சிறிய l-உம் ஒரே குச்சி. இளங்கோ, இலக்கியா, இளமாறன் என்று பெயர் தொடங்கினால் அதைப் பார்ப்பவர் இரண்டு l என்று வாசிக்கக்கூடும். வட இந்தியத் தேர்வாளர் ஒருவர் அப்படி ஒரு பெயரை எப்படி அழைப்பது என்று என்னிடமே வந்து கேட்டிருக்கிறார். பெயரில் பரவாயில்லை, மின்னஞ்சலில் l-உம் 1-உம் கலந்திருந்தால், காகிதத்தைப் பார்த்து அடிப்பவர் தவறான முகவரிக்கு அழைப்பு அனுப்பிவிடுவார். டஹோமா, வெர்டானா இரண்டிலும் பெரிய I-க்கு மேலும் கீழும் கோடு இருக்கும்; குழப்பம் வராது. டைம்ஸிலும் வராது. அப்படிப் பெயர் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் டஹோமாவைத்தான் சொல்கிறேன்.

ஜார்ஜியா வாசிக்கச் சுகமான எழுத்து. மேத்யூ கார்ட்டர் திரைக்கென்றே வரைந்தது. ஆனால் அதன் எண்கள் ஒரே உயரத்தில் நிற்காது. 3, 4, 5, 7, 9 எல்லாம் கோட்டுக்குக் கீழே இறங்கும். கட்டுரைக்குள் அது அழகு. மதிப்பெண், ஆண்டு, போன் எண் என்று எண்களாலேயே நிறைந்த ஒரு பக்கத்தில் வரிசை குலைந்தது போல் தெரியும். கணக்குத் துறைக்கு விண்ணப்பிப்பவர் அதைத் தவிர்க்கலாம்.

அளவிலும் ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. டைம்ஸின் சிறிய எழுத்துகள் உயரம் குறைந்தவை, அதை 11.5 அல்லது 12இல் வைத்தால்தான் ஏரியல் 10.5 போலத் தெரியும். வெர்டானா அகலமானது, 9.5 போதும். ஒரு பக்கத்துக்குள் அடைக்க வேண்டும் என்று டைம்ஸை 9 ஆக்கி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். நாளெல்லாம் திரையைப் பார்த்து ஓய்ந்த கண்ணுக்கு அது தண்டனை. விஷயம் அதிகம் இருந்தால் பத்தாம் வகுப்பு விவரத்தைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

வேர்டு ஃபைலாகவே கேட்கும் தளங்களில் இன்னொன்று நடக்கும். அதற்குள் ஃபாண்டு பொதுவாகப் பதிந்திருக்காது. திறக்கும் கணினியில் அது இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்தில் வரும், வரிகள் நகரும், ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கம் ஆகும். கலிப்ரி ஆஃபீஸ் 2007இலிருந்து எல்லா இடத்திலும் இருக்கிறது. 2023இல் அதன் இடத்துக்கு வந்த ஆப்டோஸ், பழைய ஆஃபீஸ் வைத்திருக்கும் அலுவலகங்களில் இருக்காது. புதிய லேப்டாப்பில் ஃபாண்டை மாற்றாமல் அடிப்பவர்களின் ஃபைல் இப்போது ஆப்டோஸில்தான் வருகிறது. வேர்டு ஃபைல் அனுப்புவதானால் அதை மாற்றிவிடுவது நல்லது.

ஒரு தந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. வேலை விளம்பரத்தில் இருக்கும் சொற்களையெல்லாம் வெள்ளை நிறத்தில், 1 புள்ளி அளவில், பக்கத்தின் அடியில் ஒளித்து வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மென்பொருள் உருவி எடுத்த பிறகு நிறமும் கிடையாது, அளவும் கிடையாது. மற்ற எழுத்தோடு எழுத்தாக அந்தப் பத்தியும் என் திரையில் பளிச்சென்று நிற்கும். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று ஒளித்து வைத்தவர் என்றுதான் அவரைப் பற்றி எண்ணத் தோன்றும். திறமையுள்ள பிள்ளைகள் இந்த யோசனையைக் கேட்டு மாட்டிக்கொள்வது எனக்கு வருத்தம்.

பல வேலைத் தளங்களில் ரெஸ்யூமேயை ஏற்றியதும் உங்கள் பெயர், படிப்பு, அனுபவம் என்று கட்டங்களைத் தானாக நிரப்பிக் காட்டும். அதைப் பார்க்காமல் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டு போகிறோம். இயந்திரம் உங்கள் எழுத்தை எப்படிப் படித்தது என்பதை நேரடியாகக் காட்டும் இடம் அதுதான். அங்கே பெயர் உடைந்திருந்தால், கட்டத்தை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள். ஃபைலையும் திருத்தி மறுபடி ஏற்றுங்கள்.

வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால், அவருடைய ரெஸ்யூமேயை வாங்கி இன்றைக்கே நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். முதல் வரியில் முழுப் பெயர் இருக்க வேண்டும், போன் எண் தனியாக முழுசாக இருக்க வேண்டும், ti, tt, fi வரும் சொற்கள் உடையாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் ஃபாண்டைப் பற்றி மேற்கொண்டு கவலைப்பட ஒன்றுமில்லை, அனுப்பச் சொல்லுங்கள்.